காய்கறி விலைத் தளத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. கடிதத்தில் என்ன குறை?

வைகைக்கரை

வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மொத்த விலை ஏறினால் கடை விலை மறுநாளே ஏறிவிடுகிறது, மொத்த விலை இறங்கினால் மட்டும் கடை விலை இறங்க நாளாகிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இது உண்மையா, வெறும் மனக்குறையா என்பதுதான் என் ஆய்வேடு. தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகிய நான்கை எடுத்திருக்கிறேன்.

மொத்த விலை அரசின் அக்மார்க்நெட்டில் கிடைக்கிறது. சில்லறை விலைக்குத்தான் திண்டாட்டம். தனியார் ஒருவர் நடத்தும் தளத்தில் ஐந்து ஊர்களின் அன்றாடச் சில்லறை விலை, ஊருக்கும் நாளுக்கும் ஒரு பக்கம் வீதம், ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. உள்நுழைவு எதுவும் இல்லை, யாரும் பார்க்கலாம். ஆனாலும் "கேட்காமல் எடுக்காதே" என்கிறார் நெறியாளர். நான் அனுப்பிய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, தங்கள் இணையதளம் மிகவும் பயனுள்ளதாக உள்ளது. நான் ஒரு முதுநிலை மாணவி. என் ஆய்வுக்காகத் தங்கள் தளத்தில் உள்ள தரவு முழுவதையும் தானியங்கி முறையில் சேகரிக்க அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இது முற்றிலும் கல்வி நோக்கத்துக்கு மட்டுமே. தங்கள் மேலான ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன்.

வாரக்கணக்கில் பதில் இல்லை. மறுபடி எழுதுவதா, வேறு தளம் தேடுவதா?

கணக்குப்பிள்ளை

தெருவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியைப் படிக்க யாராவது அனுமதி கேட்பார்களா? பொதுவில் வைத்த தகவல் அது. நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடக் கூடாது என்று சொல்லும் robots.txt கோப்பு தளத்தில் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். விலைப் பக்கங்களைத் தடுத்திருக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். கேட்டதால்தான் வம்பு. இனி அவர் "முடியாது" என்றால் என்ன செய்வீர்கள்?

வைகைக்கரை

பார்த்தேன். இப்படி இருக்கிறது:

```
User-agent: *
Disallow: /wp-admin/
Crawl-delay: 10
```

கணக்குப்பிள்ளை

அப்படியானால் தடையே இல்லை. Crawl-delay என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2022இல் வந்த RFC 9309 தரத்தில் அந்த வரி கிடையாது. கூகுளே அதை மதிப்பதில்லை.

நாலாம்தளம்

ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் இரவுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன இரண்டு தகவலும் சரி. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை. அந்த வரி தரத்தில் இல்லை என்பதால் அது அர்த்தமற்றதாகிவிடாது. பத்து நொடிக்கு ஒரு பக்கத்துக்கு மேல் என் சர்வர் தாங்காது என்று ஒருவர் எழுதி மாட்டிய பலகை அது. /wp-admin/ என்று இருப்பதால் வேர்ட்பிரஸ் தளம். ஒருவர் தனியாக நடத்துகிறார் என்றால் பெரும்பாலும் பகிர்வு ஹோஸ்டிங்காக இருக்கும்.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. அன்றாட வாசகர்கள் எல்லோரும் இன்றைய விலையைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் கேஷில் தயாராக இருப்பதால் ஆயிரம் பேர் வந்தாலும் சர்வருக்கு வலிக்காது. நீங்கள் கேட்பதோ நான்காண்டுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையின் பக்கம். அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், கேஷிலும் இருக்காது. ஒவ்வொரு முறையும் பிஎச்பி ஓடி, தரவுத்தளத்தைத் தட்டி, பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆயிரம் வாசகர்களைத் தாங்கும் தளம், பழைய பக்கங்களை வரிசையாகக் கேட்கும் ஒரே ஒரு நிரலுக்கு மூச்சுத் திணறுவது இதனால்தான். விலை பார்க்க வந்த இல்லத்தரசிக்கு 503 என்ற பிழைப் பக்கம் தெரியும். உரிமையாளருக்கு ஹோஸ்டிங்காரர்களிடமிருந்து எச்சரிக்கை போகும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 உட்பிரிவு (ஆ): உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியிலிருந்து தரவைப் பதிவிறக்கினாலோ, நகலெடுத்தாலோ இழப்பீடு கேட்க இடமுண்டு. பொதுவில் வைத்ததே அனுமதிதான் என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் செலவில் நடத்த வேண்டுமா?

புதுக்கோட்டையான்

தங்கைக்கு என் ஆலோசனை. தரவு சேகரிக்கும் முன் ஒவ்வொரு நபரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அவசியம். கேள்வித்தாள் தமிழில் இருக்கட்டும். எங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு இதைத்தான் முதலில் கேட்டது. எத்தனை பேரிடம் கேட்கப்போகிறீர்கள்?

வைகைக்கரை

நபர்களிடம் கேட்கவில்லை அண்ணா, தளத்தில் உள்ள விலைப்பட்டியல் மட்டும்தான். அதில் யார் பெயரும் இல்லை.

சமையல்கட்டு

நான் சிறிய சமையல் தளம் ஒன்று நடத்துகிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கும் வரும், பெரும்பாலானவற்றுக்குப் பதில் போடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா.

"ஐயா/அம்மா" என்று பார்த்ததுமே இது பத்துத் தளங்களுக்கு ஒரே நேரத்தில் போன கடிதம் என்று தோன்றிவிடும். "மிகவும் பயனுள்ளதாக உள்ளது" என்பது இணைப்பு கேட்டு வரும் குப்பை அஞ்சலின் முதல் வரி. அடுத்து "தரவு முழுவதையும்". முழுவதும் என்றால் எது? என் படங்களா, சந்தாதாரர் பட்டியலா? "தானியங்கி முறை" என்றால் என் தளத்துக்கு என்ன ஆகும்? எதுவும் புரியாதபோது "சரி" என்று சொல்ல யாருக்கும் கை வராது. "முடியாது" என்று எழுதினால் அதற்கொரு விவாதம் வரும். மௌனமாக இருப்பது எளிது, அவ்வளவுதான். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

இன்னொன்று. படிப்புக்கு மட்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நீ யார் என்று நான் சரிபார்க்க அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது? கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினாயா? துறையின் பெயர் உண்டா? நெறியாளர் முகவரிக்கு நகல் போட்டாயா?

வைகைக்கரை

சொந்த ஜிமெயிலிலிருந்துதான் அனுப்பினேன் அக்கா. மறுபடி எழுதினால் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

நாலாம்தளம்

முதலில் கணக்குப் போடுங்கள். ஐந்து ஊர், ஆண்டுக்கு 365 நாள், ஆறு ஆண்டு: 10,950 பக்கங்கள். அவர் விரும்பும் பத்து நொடி இடைவெளியில் போனால் மணிக்கு 360 பக்கம். இரவு ஒன்று முதல் ஐந்து வரை நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஓர் இரவுக்கு 1,440. எட்டு இரவுகளில் முடிந்துவிடும். இந்த எண்களை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். "சர்வருக்குச் சிரமம் தரமாட்டேன்" என்ற உறுதிமொழியை விட "மணிக்கு 360 பக்கம், எட்டு இரவு" என்பது அவருக்குப் புரியும். அதைத் தன் ஹோஸ்டிங்காரரிடம் காட்டிக் கேட்கவும் முடியும்.

அடுத்து, உங்கள் நிரல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போகட்டும். உலாவி போல வேடம் போட வேண்டாம். இப்படி ஒரு வரி போதும்:

```
User-Agent: vilai-aaivu/1.0 (mailto:maanavi@example.edu)
```

பதிவேட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் யார் வந்தது, யாருக்கு எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் அந்தப் பெயரை மட்டும் தடுத்துவிடலாம். கல்லூரி வலைப்பின்னலிலிருந்து பெயரில்லாமல் ஓட்டினால் அவர் ஐ.பி. முகவரியைத் தடுப்பார். கல்லூரி முழுவதற்கும் வெளியே போவது ஒரே முகவரியாக இருந்தால், உங்களோடு சேர்ந்து எல்லோருக்கும் அந்தத் தளம் மூடிவிடும். அளவுக்கு மேல் கேட்கிறாய் என்று சொல்லும் 429 பிழையையோ, 503 பிழையையோ சர்வர் தந்தால் நிரல் அன்றிரவு அப்படியே நின்றுவிட வேண்டும். அதையும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு இன்னொரு வழியைத் திறந்து வையுங்கள். பக்கங்களை நீங்கள் எடுப்பதற்குப் பதில் அட்டவணையை அவரே சிஎஸ்வி கோப்பாகத் தரலாம். விலைகள் தனி அட்டவணையில் இருந்தால் தரவுத்தளத்திலிருந்து அதை ஏற்றுமதி செய்வது சில நிமிட வேலை. பலர் இதைத்தான் விரும்புவார்கள், கேட்டால்தானே தருவார்கள்?

கூடல்நகர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சிக்கல். தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு சமையல் தளத்தின் வாசகர் கருத்துகளில் வட்டார வழக்கு எப்படி வருகிறது என்று பார்க்கிறேன். தள உரிமையாளர் அனுமதி தந்துவிட்டார். அது போதுமா? கருத்து எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள், பெயரோடு எழுதியிருக்கிறார்கள்.

நாலாம்தளம்

உங்கள் கதை வேறு. விலைப்பட்டியலில் மனிதர்கள் இல்லை, உங்களிடம் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் தகவலுக்குப் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவில் சொல்கிறது. அதனால் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் அந்தக் கருத்துகளை எழுதியவர் அவர்கள்தானே, தள உரிமையாளர் எப்படி அனுமதி தர முடியும்? நான் பெயர்களை எடுக்கவே மாட்டேன். மேற்கோளையும் சுருக்கமாகவே தருவேன்.

சமையல்கட்டு

பெயரை எடுத்தாலும் அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் வந்துவிடுவாரே! என் வாசகர்கள் எனக்காக எழுதினார்கள், ஆய்வேட்டுக்காக அல்ல. நான் என்றால் அனுமதி தந்திருக்க மாட்டேன்.

கூடல்நகர்

வட்டார வழக்கு ஆய்வில் வரியை மாற்றி எழுதினால் ஆய்வே போய்விடுமே அம்மா. நெறியாளரிடம் கேட்கிறேன். நன்றி.

மண்டிக்காரர் மகன்

எங்கள் அப்பாவுக்குப் பரவை மார்க்கெட்டில் கடை. அனுமதி கிடைக்கும் கிடைக்காது, அது இருக்கட்டும். அந்தத் தளத்தில் போட்டிருப்பது எந்தத் தக்காளி? நாட்டுத் தக்காளியும் ஹைபிரிட்டும் ஒரே விலைக்கு ஒருநாளும் போகாது. முருங்கைக்காய் கிலோ கணக்கா, காய் கணக்கா? சில்லறைக் கடையில் காய் ஒன்று இவ்வளவு என்பார்கள், மொத்தத்தில் எடை. விலை காலை எத்தனை மணிக்கு எடுத்தது? விடியற்காலை விலைக்கும் பத்து மணி விலைக்கும் சம்பந்தமே இருக்காது. மார்க்கெட் விடுமுறை நாளில் அவர் என்ன போடுகிறார்? இதெல்லாம் தெரியாமல் பத்தாயிரம் பக்கம் எடுத்து என்ன செய்யப்போகிறாய் தங்கச்சி?

நாலாம்தளம்

அருமையான கேள்விகள். இவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். பலர் அனுமதி மட்டும் கேட்டு முடித்துவிடுகிறார்கள். தரவு எப்படிப் பிறந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த உரிமையாளர்தான்.

வைகைக்கரை

புதிதாக எழுதியிருக்கிறேன். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து, நெறியாளருக்கு நகலோடு அனுப்பப்போகிறேன்.

> பொருள்: ஐந்து ஊர்களின் சில்லறை விலைப் பக்கங்களை ஆய்வுக்காகப் பயன்படுத்த அனுமதி
>
> வணக்கம். நான் எம்.எஸ்சி. புள்ளியியல் மாணவி. நெறியாளருக்கு இதன் நகல் அனுப்பியுள்ளேன். மொத்த விலை மாற்றம் சில்லறைக் கடைக்கு எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்று ஆராய்கிறேன். தங்கள் தளத்தில் உள்ள தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகிய நான்கின் விலை மட்டும் தேவை. படங்களோ, கட்டுரைகளோ, வாசகர் விவரமோ வேண்டாம்.
>
> இரண்டு வழிகளில் எது தங்களுக்கு எளிதோ அது போதும். ஒன்று, விலை அட்டவணையைத் தாங்களே கோப்பாகத் தருவது. மற்றொன்று, நான் நிரல் எழுதி எடுப்பது: சுமார் 10,950 பக்கங்கள், பத்து நொடிக்கு ஒன்று, இரவு 1 முதல் 5 மணி வரை, எட்டு இரவுகள். நிரல் vilai-aaivu என்ற பெயரில் வரும். சர்வர் பிழை காட்டினால் அன்று நிறுத்திவிடுவேன். தாங்கள் எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவேன்.
>
> ஆய்வேட்டில் தளத்தின் பெயரைக் குறிப்பிடலாமா, வேண்டாமா என்பது தங்கள் விருப்பம். விலைப்பட்டியலை நான் வேறெங்கும் வெளியிட மாட்டேன்.
>
> மூன்று சந்தேகங்கள்: தக்காளி நாட்டு ரகமா, ஹைபிரிட்டா? முருங்கைக்காய் விலை கிலோவுக்கா, காய்க்கா? கடை விடுமுறை நாட்களில் விலை எப்படிப் பதிவாகிறது?
>
> "கோப்பு", "நிரல்", "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினாலும் போதும்.

சமையல்கட்டு

கடைசி வரி நன்றாக இருக்கிறது. இதற்கு நானே பதில் போட்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை

நீளம் அதிகம். ஆனாலும் போகட்டும். பதில் வரவில்லையென்றால் அப்போது என்ன?

நாலாம்தளம்

ஒரு நினைவூட்டல், அதோடு சரி. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வைகைக்கரை

பதில் வந்துவிட்டது! முதல் சொல்லே "கோப்பு". ஐந்து ஊர், ஆறு ஆண்டு, ஒரே சிஎஸ்வி. தக்காளி ஹைபிரிட்தான். முருங்கைக்காய் கிலோவுக்கு. ஆனால் மூன்றாவது பதிலைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: ஒவ்வோர் ஊரிலும் தெரிந்த கடைக்காரர் தொலைபேசியில் விலை சொல்வார். அவர் சொல்லாத நாளில் பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக முந்தைய நாள் விலையையே மென்பொருள் தானாகப் போட்டுவிடும்.

என் கேள்வியே விலை எத்தனை நாள் அசையாமல் நிற்கிறது என்பதுதானே!

நாலாம்தளம்

இரவு பகலாக நிரல் ஓட்டி எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. பக்கத்தில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மொத்த விலை இறங்கிய நாளில் கடைக்காரர் அழைக்காமல் இருந்தால், கடை விலை இறங்காதது போலத் தெரியும். இல்லாத தாமதத்தைத் தரவே உண்டாக்கிவிடும்.

கணக்குப்பிள்ளை

எளிது. முந்தைய நாளும் இன்றும் விலை ஒன்றாக இருக்கும் வரிகளையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

மண்டிக்காரர் மகன்

அப்படி நீக்கினால் உண்மையிலேயே விலை மாறாத நாளும் போய்விடுமே ஐயா. கத்தரிக்காய் ஒரு வாரம் ஒரே விலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தக்காளி முதல் கொத்தமல்லி வரை எல்லாக் காயும் ஒரே நாளில் முந்தைய நாள் விலையிலேயே நின்றது என்றால் அது மார்க்கெட் இல்லை. அது நகல்.

நாலாம்தளம்

சரியான சோதனை. இதற்கு நான்கு காய் போதாது. பட்டியலில் உள்ள எல்லாக் காய்களின் விலையும் வேண்டும், சோதனைக்கு மட்டும். கோப்பில் ஒவ்வொரு வரியும் பதிவான நேரம் இருக்கிறதா? மனிதர் தட்டச்சு செய்தால் நேரம் முன்பின்னாக இருக்கும். மென்பொருள் போட்டால் எல்லா ஊருக்கும் ஒரே நிமிடம்.

வைகைக்கரை

அந்த நேரம் இல்லை. இரண்டையும் கேட்டு ஒரு வரி எழுதினேன், அன்று மாலையே புதுக் கோப்பு அனுப்பிவிட்டார். தானாகப் போட்ட வரிகள் எல்லாம் நள்ளிரவு தாண்டி ஐந்தாம் நிமிடத்தில் நிற்கின்றன. எல்லாக் காயும் மாறாத நாட்களோடு அவை ஒத்தும் போகின்றன. ஓர் ஊரில் மட்டும் மாதக்கணக்கில் இப்படித்தான் இருக்கிறது. அந்த ஊரை விட்டுவிட்டு நான்கு ஊர்களோடு போகலாம் என்கிறார் நெறியாளர். நகல் வரிகளை விடுபட்ட நாட்களாகவே வைத்துக்கொள்ளப்போகிறேன்.

இன்னொரு சிக்கல். கோப்பை வெளியிடக் கூடாது என்று அவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். வெளித் தேர்வாளர் மூலத் தரவைப் பின்னிணைப்பில் கேட்பார் என்கிறார்கள். என்ன செய்ய?

சமையல்கட்டு

வெளியிட மாட்டேன் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். பின்னிணைப்பு நூலகத்துக்குப் போகும், அங்கிருந்து இணையத்துக்கும் போகலாம். கூடாது.

நாலாம்தளம்

தேர்வாளர் உங்கள் மடிக்கணினியில் பார்ப்பது வெளியீடு ஆகாது என்பது என் எண்ணம். பின்னிணைப்பில் வார சராசரியை மட்டும் போடலாம், ஆனால் அதற்கும் அவரைக் கேட்டுவிடுங்கள். இன்னும் ஒரு வரிக் கடிதம்தான்.

கணக்குப்பிள்ளை

விலை என்பது வெறும் தகவல், அதற்குப் பதிப்புரிமை கிடையாது. போட்டுவிடுங்கள் என்பேன்.

வைகைக்கரை

சராசரி பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.